வீழ்படிவு எப்போது உருவாகும்: கரைதிறன் பெருக்கமும் பொது அயனி விளைவும், சில்வர் குளோரைடை முன்வைத்துச் சில கேள்விகள்

சில்வர் குளோரைடு தண்ணீரில் கரையாது என்றுதான் படித்தோம். கரையாத பொருளுக்குக் கரைதிறன் பெருக்கம் எதற்கு?

கரையவே கரையாத உப்பு என்று ஒன்று கிடையாது. சில்வர் குளோரைடைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் அடியில் வெள்ளைப்பொடி அப்படியே கிடப்பதுபோல் தோன்றினாலும், அதன் மேற்பரப்பிலிருந்து சில்வர் அயனிகளும் குளோரைடு அயனிகளும் தண்ணீருக்குள் பிரிந்துகொண்டும், பிரிந்தவை திரும்ப வந்து படிந்துகொண்டும் இருக்கின்றன. பிரியும் வேகமும் படியும் வேகமும் ஒன்றாகும்போது கரைசல் தெவிட்டிய நிலையை அடைகிறது. 25 °C வெப்பநிலையில் அந்த நிலையில் இரண்டு அயனிகளின் மோலார் செறிவுகளையும் பெருக்கினால் கிடைப்பது ஒரு மாறிலி. அதுவே Ksp என்று குறிக்கப்படும் கரைதிறன் பெருக்கம்:

AgCl(s) ⇌ Ag⁺ + Cl⁻
Ksp = [Ag⁺][Cl⁻] = 1.8 × 10⁻¹⁰

தண்ணீரில் வேறெதுவும் இல்லையென்றால் இரண்டு செறிவுகளும் சமம். ஆகவே 1.8 × 10⁻¹⁰ இன் வர்க்கமூலமான 1.34 × 10⁻⁵ மோலார்தான் அதன் கரைதிறன். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான அளவு இது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனாலும் கீழே வரும் கணக்குகள் அனைத்தும் இந்தச் சிறிய எண்ணைச் சுற்றியே நடக்கின்றன. இந்தப் பக்கம் முழுவதும் சில்வர் உப்புகளையே எடுத்துக்கொள்கிறேன். பல உப்புகளைத் தொட்டுத் தொட்டுச் செல்வதைவிட, ஒரே உப்பை வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்க்கும்போது இந்தப் பாடம் தெளிவாக விளங்குகிறது என்பது என் அனுபவம்.

அடியில் கிடக்கும் திண்மத்தின் அளவு ஏன் கோவையில் வரவில்லை?

ஒரு சிட்டிகை கிடந்தாலும் ஒரு கரண்டி கிடந்தாலும் மேலே உள்ள கரைசலின் செறிவு மாறுவதில்லை என்பதே காரணம். பொடி அதிகமானால் பிரியும் பரப்பும் படியும் பரப்பும் ஒருசேர அதிகமாகின்றன. திண்மம் கொஞ்சமேனும் மிச்சம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

Ksp எண் சிறியதாக இருந்தால் கரைதிறனும் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒரே அமைப்புள்ள உப்புகளை ஒப்பிடும்போது மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அமைப்பு மாறிவிட்டால் அந்த முடிவு தலைகீழாகிவிடக்கூடும், அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சில்வர் குரோமேட்டு. அதன் Ksp 1.1 × 10⁻¹². சில்வர் குளோரைடின் மதிப்போடு ஒப்பிட்டால் இது நூறு மடங்குக்கும் மேல் சிறியது. எண்ணை மட்டும் பார்ப்பவர் குரோமேட்டுதான் குறைவாகக் கரையும் என்று சொல்லிவிடுவார்.

ஆனால் Ag₂CrO₄ பிரியும்போது ஒரு குரோமேட்டு அயனிக்கு இரண்டு சில்வர் அயனிகள் வெளிவருகின்றன. கரைதிறனை s என்று வைத்தால் [Ag⁺] = 2s, [CrO₄²⁻] = s. சில்வரின் செறிவு கோவையில் வர்க்கமாக வருவதால்,

Ksp = (2s)² × s = 4s³ = 1.1 × 10⁻¹²
s = 6.5 × 10⁻⁵ மோலார்

சில்வர் குளோரைடின் கரைதிறனைவிட இது ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். இரண்டு சிறிய எண்களின் பெருக்கத்தையும் மூன்று சிறிய எண்களின் பெருக்கத்தையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டதால் வந்த குழப்பம் இது. இந்த ஐந்து மடங்கு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீரில் குளோரைடை அளக்கும் ஒரு முறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது, பின்னால் அதற்கு வருகிறேன்.

இரண்டு கரைசல்களைக் கலந்தால் வீழ்படிவு வருமா என்ற கணக்கில் எனக்கு மட்டும் விடை தப்பாகவே வருகிறது. எங்கே தவறுகிறேன்?

பெரும்பாலும் கலந்தபின் இருக்கும் செறிவுக்குப் பதிலாக, கலப்பதற்கு முன் பாட்டிலில் எழுதியிருந்த செறிவைப் போட்டுவிடுகிறீர்கள். விடைத்தாள்களில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

ஒரு கணக்கை முழுமையாகச் செய்து பார்ப்போம். 4.0 × 10⁻⁵ மோலார் சில்வர் நைட்ரேட்டு 50 மி.லி. எடுத்து, 1.0 × 10⁻⁵ மோலார் சோடியம் குளோரைடு 50 மி.லி. உடன் கலக்கிறோம். பாட்டில் செறிவுகளை அப்படியே பெருக்கினால் 4.0 × 10⁻¹⁰ வரும். இது Ksp மதிப்பைவிடப் பெரியது, ஆகவே வீழ்படிவு வரும் என்று எழுதத் தோன்றும்.

ஆனால் கலந்த பிறகு மொத்தக் கன அளவு 100 மி.லி. சில்வர் அயனிகள் முன்பு இருந்த இடத்தைப்போல் இருமடங்கு இடத்தில் பரவிவிட்டன, குளோரைடும் அப்படியே. எனவே [Ag⁺] = 2.0 × 10⁻⁵, [Cl⁻] = 5.0 × 10⁻⁶. இவற்றின் பெருக்கம், அதாவது அயனிப் பெருக்கம் Q,

Q = (2.0 × 10⁻⁵)(5.0 × 10⁻⁶) = 1.0 × 10⁻¹⁰

இது 1.8 × 10⁻¹⁰ ஐவிடச் சிறியது. கரைசல் இன்னும் தெவிட்டவில்லை, வீழ்படிவு வராது. ஒவ்வொரு செறிவும் பாதியானதால் பெருக்கம் நான்கில் ஒன்றாகிவிட்டது. அந்த நான்கு மடங்குதான் தீர்ப்பையே மாற்றியது.

Q, Ksp இரண்டுக்கும் கோவை ஒன்றுதான். Ksp தெவிட்டிய கரைசலுக்கு மட்டும் உரியது. Q எந்தக் கணத்திலும், எந்தக் கரைசலுக்கும் கணக்கிடக்கூடியது. Q சிறியதானால் இன்னும் கரைய இடமிருக்கிறது; பெரியதானால், அது Ksp அளவுக்கு இறங்கும்வரை அயனிகள் திண்மமாகப் படிய வேண்டும். செறிவுகளைப் போடும்போது வர்க்கம், கனம் போன்ற அடுக்குகளை மறந்துவிடாமல் இருந்தால் போதும். சில்வர் குரோமேட்டுக்கு Q என்பது [Ag⁺]²[CrO₄²⁻]. இங்கே சிலர் வழக்கத்தில் செறிவை இரண்டால் பெருக்கி, பிறகு வர்க்கமும் செய்துவிடுகிறார்கள். கரைதிறனிலிருந்து தொடங்கும்போதுதான் 2s வரும். சில்வரின் செறிவு ஏற்கெனவே நம் கையில் இருக்கும்போது அதை அப்படியே வர்க்கம் செய்ய வேண்டும்.

சோதனைக்குழாயைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே சோதனை செய்தால் என்ன ஆகிவிடும்?

குளோரைடே இல்லாத உப்பில் குளோரைடு இருப்பதாக எழுதிவிடுவீர்கள். மாணவனாக இருந்தபோது உப்புப் பகுப்பாய்வுத் தேர்வில் எனக்கு இது நேர்ந்தது. கொடுக்கப்பட்டது ஒரு நைட்ரேட்டு உப்பு. சில்வர் நைட்ரேட்டு ஒரு சொட்டு விட்டதும் பால் கலந்ததுபோல் வெள்ளையாகப் படர்ந்தது. குளோரைடு என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தேன். குழாயின் சுவரில் ஒட்டியிருந்த தண்ணீர்தான் காரணம் என்பது பிறகுதான் புரிந்தது.

கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மி.லி. 0.1 மோலார் சில்வர் நைட்ரேட்டின் ஒரு சொட்டு 100 மி.லி. தண்ணீரில் கலந்தால் [Ag⁺] = 5 × 10⁻⁵. அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 35 மில்லிகிராம் குளோரைடு இருப்பதாகக் கொள்வோம். பல ஊர்களின் தண்ணீரில் இதைவிட அதிகமாகவே இருக்கும். அதன் செறிவு 1 × 10⁻³ மோலார். Q = 5 × 10⁻⁸, அதாவது Ksp மதிப்பைப்போல் 280 மடங்கு. சில்வர் ஏறத்தாழ முழுவதும் படிந்து, முக்கால் மில்லிகிராம் அளவுக்குச் சில்வர் குளோரைடு உருவாகும். அது மிக நுண்ணிய துகள்களாகத் தொங்கிக்கொண்டிருப்பதால் அவ்வளவு சிறிய எடையும் நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், [Ag⁺] = 5 × 10⁻⁵ உள்ளபோது Ksp ஐ எட்டுவதற்குத் தேவையான குளோரைடு 3.6 × 10⁻⁶ மோலார், லிட்டருக்கு 0.13 மில்லிகிராம் மட்டுமே. எனவே குழாயை வாலை வடிநீரால் இரண்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக அலசுங்கள். பிறகு வடிநீரை மட்டும் வைத்து ஒருமுறை சோதனை செய்து, அது தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

Q பெரியது என்று கணக்கு சொல்கிறது, ஆனால் கரைசல் தெளிவாகவே இருக்கிறதே?

இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, வீழ்படிவு வந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. 100 மி.லி. கரைசலில் இரண்டு அயனிகளும் 2.0 × 10⁻⁵ மோலார் இருப்பதாகக் கொண்டால் Q = 4.0 × 10⁻¹⁰. தெவிட்டிய நிலைக்கு வர ஒவ்வொன்றும் 1.34 × 10⁻⁵ வரை இறங்கினால் போதும். படிவது லிட்டருக்கு 6.6 × 10⁻⁶ மோல்; 100 மி.லி. கரைசலில் அது 0.1 மில்லிகிராம்கூட இல்லை. கறுப்புத் தாளைப் பின்னால் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி பார்த்தால் லேசான மங்கல் தென்படலாம், அல்லது அதுவும் தென்படாமல் போகலாம். Q, Ksp ஐத் தாண்டுகிறது என்பது வேறு, கண்ணுக்குத் தெரியும் அளவு படிகிறது என்பது வேறு.

இரண்டாவது, கரைசல் மீதெவிட்டிய நிலையில் நிற்கிறது. திண்மம் புதிதாகத் தோன்றுவதற்கு முதலில் ஒரு கரு உருவாக வேண்டும். Q சற்றே அதிகமாக இருக்கும்போது அந்தக் கரு உருவாகத் தாமதமாகும். பேரியம் சல்பேட்டு இப்படித் தாமதிப்பதை நீர்த்த கரைசல்களில் பார்க்கலாம். கண்ணாடிக் கோலால் குழாயின் உட்சுவரை உரசினாலோ, சற்று நேரம் பொறுத்தாலோ படிவு தோன்றும். வீழ்படிவு வர வேண்டுமா என்பதற்குத்தான் Ksp விடை சொல்கிறது, எத்தனை நிமிடத்தில் வரும் என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

பொது அயனியைச் சேர்த்தால் Ksp குறைகிறதா?

இல்லை. வெப்பநிலை மாறாதவரை Ksp மாறுவதில்லை, குறைவது கரைதிறன். இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் இந்தப் பாடத்தில் வரும் குழப்பங்களுக்கெல்லாம் வேர்.

தெவிட்டிய சில்வர் குளோரைடு கரைசலில் சாதாரண உப்பைப் போடுகிறோம். குளோரைடு என்பது இரண்டுக்கும் பொதுவான அயனி. அதன் செறிவு திடீரென்று கூடியதும் Q, Ksp ஐத் தாண்டிவிடுகிறது. பெருக்கம் பழைய மதிப்புக்கு இறங்க வேண்டுமானால் சில்வர் அயனிகள் குளோரைடோடு சேர்ந்து படிய வேண்டும். குளோரைடின் செறிவு 0.10 மோலார் ஆனால்,

[Ag⁺] = 1.8 × 10⁻¹⁰ ÷ 0.10 = 1.8 × 10⁻⁹ மோலார்

தூய நீரில் 1.34 × 10⁻⁵ ஆக இருந்தது ஏழாயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. குளோரைடு எங்கிருந்து வந்தாலும் விளைவு ஒன்றுதான். உப்பிலிருந்தா, ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்தா, சில்வர் குளோரைடிலிருந்தா என்று சில்வர் அயனி பிரித்துப் பார்ப்பதில்லை. கோவையில் போட வேண்டியது கரைசலில் உள்ள மொத்தக் குளோரைடின் செறிவையே.

பொது அயனி இல்லாத உப்பைச் சேர்த்தால் நடப்பது இதற்கு எதிர்மாறானது. 0.1 மோலார் பொட்டாசியம் நைட்ரேட்டில் சில்வர் குளோரைடின் கரைதிறன் தூய நீரில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. சுற்றிலும் மின்சுமையுள்ள அயனிகள் நிறைந்திருப்பதால் சில்வரும் குளோரைடும் ஒன்றையொன்று ஈர்க்கும் வலிமை தணிகிறது என்று புரிந்துகொள்ளலாம். பள்ளிக் கணக்குகளில் இதை விட்டுவிடுகிறோம். செறிந்த கரைசல்களில் அளவிட்ட மதிப்பும் கணக்கிட்ட மதிப்பும் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

அப்படியென்றால் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டே போனால் சில்வர் முழுவதும் வீழ்படிந்துவிடுமா?

விடாது. மேலே நான் போட்ட 1.8 × 10⁻⁹ என்ற விடை தனித்த Ag⁺ அயனிக்குச் சரியானது. கரைந்திருக்கும் மொத்த சில்வருக்கு அது சரியன்று. பல பாடக்கணக்குகள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றன, அதனால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

குளோரைடு மிகுந்திருக்கும்போது அது படிந்த சில்வர் குளோரைடோடு மேலும் சேர்ந்து கரையக்கூடிய அணைவு அயனியாகிறது:

AgCl(s) + Cl⁻ ⇌ AgCl₂⁻

இதன் சமநிலை மாறிலி ஏறத்தாழ 3 × 10⁻⁵. குளோரைடு 0.10 மோலார் என்றால் அணைவாகக் கரைந்திருப்பது 3 × 10⁻⁶ மோலார். தனித்த சில்வரைப்போல் இது ஆயிரம் மடங்குக்கும் மேல்! குளோரைடு கூடக்கூட தனித்த Ag⁺ குறைகிறது, அணைவு கூடுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்வதால் மொத்தக் கரைதிறன் ஓரிடத்தில் மிகக் குறைந்து பிறகு ஏறுகிறது. அந்தத் தாழ்ந்த புள்ளி குளோரைடு 0.002 முதல் 0.003 மோலார் வரை இருக்கும்போது வருகிறது. ஆகவே சில்வரை முழுமையாக வீழ்படியச் செய்ய விரும்புபவர் குளோரைடைச் சிறிதளவே மிகையாகச் சேர்க்க வேண்டும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் படிந்ததில் ஒரு பகுதி திரும்பக் கரைந்துபோகும்.

ஒரே கரைசலில் குளோரைடும் குரோமேட்டும் இருந்து, சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் எது முதலில் படியும்?

எதற்குக் குறைந்த சில்வர் போதுமோ அது. தண்ணீரில் குளோரைடை அளக்க 1856 இல் கார்ல் ஃபிரீட்ரிக் மோர் வெளியிட்ட முறை இதையே பயன்படுத்துகிறது. இன்றும் நீர்ப்பரிசோதனைக் கூடங்களில் கிணற்று நீருக்கும் ஆழ்துளைக் கிணற்று நீருக்கும் இது நடக்கிறது. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 குடிநீரில் ஏற்கத்தக்க குளோரைடு அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1000 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். கூம்புக் குடுவையில் 100 மி.லி. கிணற்று நீர், அதில் 5 சதவீதப் பொட்டாசியம் குரோமேட்டு 1 மி.லி. தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாகிறது. பியூரெட்டில் 0.0141 மோலார் சில்வர் நைட்ரேட்டு. இந்த விநோதமான செறிவுக்குக் காரணம் உண்டு: இதன் 1 மி.லி. சரியாக 0.5 மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம். இந்த நீரில் குளோரைடு 4.2 × 10⁻³ மோலார் என்று வைப்போம். குரோமேட்டின் செறிவு ஏறத்தாழ 2.5 × 10⁻³.

சில்வர் குளோரைடு படியத் தொடங்கத் தேவையான [Ag⁺] = 1.8 × 10⁻¹⁰ ÷ 4.2 × 10⁻³ = 4.3 × 10⁻⁸.
சில்வர் குரோமேட்டு படியத் தொடங்கத் தேவையான [Ag⁺] = √(1.1 × 10⁻¹² ÷ 2.5 × 10⁻³) = 2.1 × 10⁻⁵.

குரோமேட்டுக்கு ஐந்நூறு மடங்கு சில்வர் வேண்டியிருக்கிறது. எனவே முதலில் வெள்ளையாகச் சில்வர் குளோரைடு மட்டும் படிகிறது. குளோரைடு தீரத் தீர அதைப் படியவைக்கத் தேவையான சில்வர் கூடிக்கொண்டே வருகிறது. கடைசியில் அது குரோமேட்டின் எல்லையைத் தொடும்போது செங்கல் நிறம் தோன்றி நிலைக்கிறது.

அந்தக் கணத்தில் எவ்வளவு குளோரைடு மிச்சம் இருக்கும்? பியூரெட்டிலிருந்து ஏறத்தாழ 30 மி.லி. இறங்கியிருப்பதால் மொத்தம் 131 மி.லி. ஆகியிருக்கும், குரோமேட்டு 2.0 × 10⁻³ ஆக நீர்த்திருக்கும். தேவையான சில்வர் 2.35 × 10⁻⁵; அப்போது [Cl⁻] = 1.8 × 10⁻¹⁰ ÷ 2.35 × 10⁻⁵ = 7.7 × 10⁻⁶ மோலார், லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கும் குறைவு. குளோரைடு நடைமுறையில் தீர்ந்துவிட்டது என்று சொல்ல இந்த எண்ணே ஆதாரம்.

பியூரெட் அளவு 30.4 மி.லி., குளோரைடு இல்லாத வடிநீருக்கு 0.3 மி.லி. என்றால், வேறுபாடு 30.1 மி.லி. அதை 0.5 ஆல் பெருக்கினால் 15.05 மில்லிகிராம் குளோரைடு, 100 மி.லி. நீரில். ஆக லிட்டருக்கு 150 மில்லிகிராம். அந்தக் கிணறு குளோரைடைப் பொறுத்தவரை வரம்புக்குள் இருக்கிறது.

குளோரைடு நிறைய இருக்கும்போதே ஒவ்வொரு சொட்டும் விழும் இடத்தில் சிவப்பு தெரிந்து மறைகிறதே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். சொட்டு விழும் இடத்தில், அது கலப்பதற்கு முந்தைய கணத்தில், சில்வரின் செறிவு பியூரெட்டில் உள்ள 0.0141 மோலாருக்கு நெருக்கமாக இருக்கிறது. அங்கிருக்கும் குளோரைடு உடனே தீர்ந்துபோய் Q குரோமேட்டின் எல்லையையும் தாண்டிவிடுவதால், சிவப்புத் திட்டு ஒன்று உண்டாகிறது. குடுவையைச் சுழற்றியதும் அந்தத் திட்டு குளோரைடு மிகுந்த நீரோடு கலக்கிறது. சில்வரின் செறிவு இறங்குகிறது, சில்வர் குரோமேட்டு கரைந்து வெள்ளைச் சில்வர் குளோரைடாக மாறிவிடுகிறது.

முடிவு நெருங்கும்போது அந்தத் திட்டு மறைய அதிக நேரம் எடுக்கும். சொட்டுகளின் இடைவெளியைக் கூட்ட வேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறி. சுழற்றியபின்னும் அரை நிமிடம் நிலைக்கும் மெல்லிய செம்மஞ்சள்தான் முடிவுநிலை. அடர்ந்த செங்கல் நிறம் வரும்வரை விட்டால் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள்.

குரோமேட்டைச் சற்று அதிகமாகச் சேர்த்தால் முடிவுநிலை இன்னும் தெளிவாகத் தெரியாதா?

கணக்கின்படி குளோரைடும் சில்வரும் சரிசமமாகும் அதே கணத்தில் குரோமேட்டு படிய வேண்டுமானால் குரோமேட்டின் செறிவு 1.1 × 10⁻¹² ÷ 1.8 × 10⁻¹⁰ = 6.1 × 10⁻³ மோலார் இருக்க வேண்டும். நாம் சேர்ப்பது அதில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த அளவு சேர்த்தால் கரைசல் அடர்மஞ்சளாகி, முதலில் தோன்றும் மெல்லிய சிவப்பு அதற்குள் மறைந்துவிடும். எனவே குறைவாகச் சேர்த்து, முடிவு சற்றுத் தாமதமாக வருவதை ஏற்றுக்கொள்கிறோம். அந்தத் தாமதத்தை ஈடுகட்டத்தான் வடிநீரில் வெற்றுத் தரம்பார்ப்பு செய்து கழிக்கிறோம். குளோரைடு குறைந்த நீரில் இதைக் கழிக்காமல் விட்டால் பிழை பெரிதாகத் தெரியும்.

pH 7 முதல் 10 வரை இருக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்?

அமிலத்தன்மை கூடினால் குரோமேட்டு அயனி ஹைட்ரஜன் அயனியை ஏற்று HCrO₄⁻ ஆகவும் டைகுரோமேட்டாகவும் மாறுகிறது. மஞ்சள் ஆரஞ்சுப் பக்கம் சாய்வதை வைத்து இதை அறியலாம். CrO₄²⁻ செறிவு குறைவதால் சில்வர் குரோமேட்டு படிய மேலும் சில்வர் வேண்டும். பியூரெட் அளவு கூடி, உண்மையைவிட அதிகக் குளோரைடு காட்டும்.

காரத்தன்மை மிகுந்தால் சில்வர் ஹைட்ராக்சைடு குறுக்கே வருகிறது. அதன் கரைதிறன் பெருக்கம் ஏறத்தாழ 2 × 10⁻⁸. pH 10 இல் [OH⁻] = 10⁻⁴. முடிவுநிலைச் சில்வரோடு பெருக்கினால் 2.35 × 10⁻⁹, எல்லைக்குள் இருக்கிறது. pH 11 ஆனால் 2.35 × 10⁻⁸, எல்லையைத் தாண்டிவிட்டது. பழுப்பு நிறச் சில்வர் ஆக்சைடு வருகிறது. 10 என்ற வரம்பு எங்கிருந்து வந்தது என்பதை இந்தச் சிறிய கணக்கே சொல்லிவிடுகிறது.

தண்ணீரின் காரத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் சல்பூரிக் அமிலத்தையோ நைட்ரிக் அமிலத்தையோ நீர்த்துப் பயன்படுத்துங்கள். பழக்கத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துவிட்டால், அளக்க வந்த பொருளையே நாம் சேர்த்தவர்களாவோம்.

வேலை முடிந்தபின் குடுவையில் இருப்பதைத் தொட்டியில் ஊற்றிவிடலாமா?

வேண்டாம். அதில் உள்ள குரோமியம் ஆறு இணைதிற நிலையில் இருப்பது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. சில்வரும் நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு செய்வது. தனிப் பாட்டிலில் சேர்த்துவைத்து, முறைப்படி அகற்றுபவர்களிடம் கொடுக்க வேண்டும்.

பாட்டிலில் ஊற்றுவதற்கு முன் சிவந்த குடுவையில் உப்புக் கரைசல் சிறிதளவு விட்டுச் சுழற்றிப் பாருங்கள். சிவப்பு மங்கி, வெள்ளைத் துகள்களும் மேலே தெளிந்த மஞ்சளும் திரும்பிவிடும்:

Ag₂CrO₄(s) + 2Cl⁻ ⇌ 2AgCl(s) + CrO₄²⁻

இதன் சமநிலை மாறிலி 1.1 × 10⁻¹² ÷ (1.8 × 10⁻¹⁰)², அதாவது 3 × 10⁷ ஐத் தாண்டுகிறது. வகுப்பில் இதைச் செய்துகாட்டும்போது, சிறிய Ksp உள்ள சிவப்புப் படிவு பெரிய Ksp உள்ள வெள்ளைப் படிவாக மாறுவதைப் பார்த்து மாணவர்கள் ஒரு கணம் குழம்புவார்கள். அப்போது 4s³ கணக்கைப் பலகையில் மீண்டும் எழுதுவேன்.